பதினெட்டு டிகிரியில் இரண்டு கால்கள்

மதுரையில் சித்திரை மாதத்து மத்தியானத்தில் "எனக்குக் குளிருது" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். எழுமலையில் இருக்கும் என் அம்மா போனில் கேட்டுவிட்டு, "வெயில்ல கருகுறோம் நாங்க. உனக்குக் குளிருதாக்கும்?" என்று சொல்லிவிட்டு வைத்தேவிட்டாள். நான் பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. அலட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அதுதான் எனக்கு அதிகம் எரிச்சலாக இருந்தது.

நான் முத்துமீனா. காமராசர் சாலையில் ஒரு மாடியில் இருக்கும் வரிக்கணக்கு ஆபீசில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலாளி ஹரிராம் சார். கடைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், மில்காரர்கள் என்று பாதி மதுரை தன் வரவு செலவை அவரிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. நல்ல மனிதர். கோபம் வந்தால்கூடக் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஆபீஸ் ஏ.சி. எப்போதும் பதினெட்டில்தான் ஓட வேண்டும். அதை இருபதாக்கினால் அவர் அறைக்குள்ளிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

அது போதாதென்று தரை முழுக்க வெள்ளை மார்பிள். அதுவும் போதாதென்று வாசலில் ஒரு சட்டம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மகாலட்சுமி படம் இருப்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். சட்டத்தைப் போட்டவர் ஹரிராம் சாரின் மனைவி சாரதாம்பாள் அம்மா. தினமும் காலையில் வந்து விளக்கேற்றிவிட்டு, யாருடைய செருப்பாவது வாசற்படியைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வரி இன்ஸ்பெக்டர் வந்தாலும் ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார். ஒருமுறை சொல்லியும் இருக்கிறார்.

ஆக, வெளியே நாற்பது டிகிரி. உள்ளே பதினெட்டு. கீழே மார்பிள். அதன் மேல் வெறும் காலோடு நான். பதினோரு மணிக்கெல்லாம் என் கால்விரல்கள் வெளுக்கத் தொடங்கும். மத்தியானம் பார்த்தால் நகத்தடியில் லேசாக நீலம் ஓடும். கிள்ளினால் வலி தாமதமாகத்தான் வரும். அப்புறம் படிக்கட்டுக்குப் போய் வெயிலில் நின்றால், ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு உயிர் திரும்பி வரும். அந்த ஊசிக்குத்தல் இருக்கிறதே, அது குளிரைவிட மோசம்.

பழைய இடத்தில் இருந்தவரை சமாளித்தேன். என் மேசை ஜன்னல் ஓரம். கண்ணாடி வழியாக வெயில் வந்து காலில் விழும். அதற்கு ஆபத்து வந்தது பங்குனி மாசக் கடைசியில்தான். ஆபீசின் சீனியராக இருந்த விஜய்ஆனந்த் அண்ணன் சென்னைக்குப் போய்விட்டார். அவர் நாற்காலி காலியானது.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலின் நடுவில், எல்லோரையும் பார்க்கிற மாதிரி இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு வெளியே போகும். கணக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்கள் வந்தால் அந்த நாற்காலியிடம்தான் பேசுவார்கள். வயல் வேலைக்குப் போய் என்னை பி.காம். படிக்கவைத்த அப்பாவிடம், என்றாவது ஒரு நாள் அதில் உட்கார்ந்துகொண்டுதான் போன் பண்ணுவேன் என்று நான் ரகசியமாகத் தீர்மானம் செய்து வைத்திருந்தேன். அது நேராக ஏ.சி.க்குக் கீழே இருந்தது என்பதை மட்டும் அந்தத் தீர்மானத்தில் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"மீனா, இந்த மாசம் நீ உக்காந்து பாரு" என்றார் ஹரிராம் சார். "ஆனா ஒண்ணு. அந்தச் சீட்ல ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும். அடிக்கடி எந்திரிச்சுப் போற ஆளு அதுக்குச் சரிப்பட மாட்டாங்க. முடியலைன்னா சொல்லிரு, சிவபாண்டி இருக்கான்."

சிவபாண்டி எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். உடம்பிலேயே ஒரு அடுப்பு வைத்துப் பிறந்தவன். ஏ.சி. ஓடும்போதும் சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு "புழுங்குதுக்கா" என்பான். அவன் அந்த நாற்காலியைப் பார்த்த பார்வையில் தப்பொன்றும் இல்லை. இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் பேசவே முடியாமல் "சரித்தா, சரித்தா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்தபோது என் பாதங்கள் இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை. குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். அன்று மட்டும் நான் ஐந்தாறு தடவை எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். கடைசித் தடவை திரும்பி வரும்போது ஹரிராம் சார் தன் அறை வாசலில் நின்று காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அழகுபாண்டி கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் கம்பெனியில் கொடுத்த பொருள் ஒன்று இருக்கும். பூட்ஸுக்குள் போடுகிற தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வந்தார்.

"ஒண்ணு போட்டா பத்தாது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போடு. சாமிக்குச் செருப்புதான ஆகாது, சாக்ஸ் ஆகும்ல?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. காலையில் வீட்டிலேயே இரண்டையும் இழுத்து மாட்டிக்கொண்டேன். கொலுசு உள்ளே சிக்கியது. மெட்டி கீழே விரலை அழுத்தியது. எலாஸ்டிக் கெண்டைக்காலைப் பிடித்த பிடியில் இனி குளிர் எப்படி உள்ளே வரும் என்று எனக்கு ஒரு தைரியம். அப்படியே ஸ்கூட்டியில் திருநகரிலிருந்து காமராசர் சாலை. வழியெல்லாம் சிக்னல், வெயில். ஆபீஸ் வந்து சேரும்போது கால் வெந்தே போயிருந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் கால் ஐஸ் ஆனது. முன்னைவிட மோசம். விரல்களை மடக்கக்கூட சாக்ஸுக்குள் இடமில்லை. சிவபாண்டி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, கிரிக்கெட் ஆடப் போறீகளா?"

"உன் வேலையப் பாருடா."

"இல்லக்கா, பேடும் கட்டிட்டீகன்னா பந்து போட நான் ரெடி."

மறுநாள், அவர் புதிதாக எடுத்து வந்த மூன்றாவது ஜோடியையும் போட்டுப் பார்த்தேன். நடக்கும்போது யானைக்கால் மாதிரி இருந்தது. பலன் இன்னும் குறைந்தது. யாருக்கும் தெரியாமல் ஏ.சி.யை இருபத்துநாலில் வைத்தேன். உள்ளேயிருந்து, "யாரும்மா அது, எனக்குக் காலெல்லாம் எரியுது" என்று குரல் வந்தது. மறுபடியும் பதினெட்டு. அந்த வாரம் முழுக்க நான் படிக்கட்டுக்கும் நாற்காலிக்கும் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் எழுமலைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

கடைசியில் வெள்ளிக்கிழமை ஹரிராம் சார் கூப்பிட்டார். "உன் வேலையில ஒரு குறையும் இல்ல மீனா. ஆனா சீட்ல உன்னையப் பாக்க முடியல. திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. வருத்தப்பட்டுச் சொன்னார். நான் டாய்லெட்டில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். அங்கேயும் தரை மார்பிள்தான்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக டாக்டர் பவதாரிணியிடம் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் கிளினிக். சின்ன வயசு, வேகமான பேச்சு. என் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்காத முதல் ஆள் அவர்தான். நேராகக் காலைத் தொட்டார். சாக்ஸை உருவியபோது கெண்டைக்காலில் எலாஸ்டிக் பதிந்த வளையம் மூன்று, வரிசையாகச் சிவந்து கிடந்தன.

"எத்தனை சாக்ஸ்?"

"மூணு டாக்டர்."

"மூணு போட்டுக் கட்டிட்டீங்க. ரத்தம் எப்படி விரலுக்குப் போகும்?"

பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்தி, விட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். சாக்ஸைக் கையில் எடுத்துக் கசக்கினார். முகம் மாறியது.

"இது ஈரமா இருக்கே. எப்ப போட்டது?"

"காலையில வீட்டுலயே போட்டுட்டு வண்டியில வாரேன்."

அவர் சிரித்துவிட்டார். "வெயில்ல வண்டி ஓட்டுறப்ப சாக்ஸ் முழுக்க வேர்வை. அந்த ஈரத்தோட ஏ.சி.க்குக் கீழ உக்காந்தா? காலுக்கு ஈரத்துணி சுத்திட்டுக் குளுருதுன்னு சொல்றீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழு வருஷமாக அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிறவள் நான்.

அவர் விளக்கிச் சொன்னார். குளிர் பட்டால் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற, கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். சிலருக்கு அது சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுருங்கும். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கெடுதல். ரத்தம் குறைவாக இருந்தாலும், தைராய்டு இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று டெஸ்டுக்கு எழுதினார். மறுநாளே முடிவு வந்தது. தைராய்டு இல்லை, சர்க்கரை இல்லை. ரத்தம்தான் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்.

"மாத்திரை வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் கால நீங்கதான் பாத்துக்கணும். ஒரே ஒரு சாக்ஸ். மேல எலாஸ்டிக் இறுக்காதது. உள்ள விரல் ஆடணும். கம்பளி கலந்ததுன்னா நல்லது, ஈரத்தை உறிஞ்சாலும் அம்புட்டாக் குளுராது. ஆபீசுக்குப் போய்க் கால நல்லாத் துடைச்சுட்டு அங்க போடுங்க. காலு தரையில படாம கெட்டியான அடியோட ஒரு மூடின செருப்பு. நாற்காலி உயரமா இருந்தா காலுக்கு ஒரு பலகை வைங்க, தொடை அழுந்தக் கூடாது. அப்பப்ப உக்காந்த இடத்துலயே குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க. அந்த மெட்டியக் கொஞ்சம் லூசு பண்ணுங்க. மரத்துப்போன கால வெந்நீர்ல மட்டும் வச்சுராதீங்க, சூடு தெரியாமலே வெந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை நானும் அழகுபாண்டியும் விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறினோம். பள்ளிக்கூட சாக்ஸ் காட்டினார்கள். எலாஸ்டிக்கைப் பார்த்ததுமே வேண்டாம் என்றேன். பளபளவென்று நைலான் காட்டினார்கள். அதில் வேர்வை நிற்கும். ஒரு கடையில் பஞ்சு மாதிரி மெத்தென்று ஒன்று காட்டினார்கள். நான் உள்ளே கைவிட்டு செருப்புக்குள் அது எடுத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்து, இறுக்கும் என்று வைத்துவிட்டேன். கடைக்காரர் பொறுமையான மனிதர். கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"இது கம்பளி கலந்தது. மேல பிடிப்பே இருக்காது. கொடைக்கானலுக்குப் போறீகளா தங்கச்சி?"

"இல்லண்ணே. காமராசர் சாலைக்கு."

அவர் அழகுபாண்டியைப் பார்த்தார். அழகுபாண்டி மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

செருப்பு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாக்ஸ் போட்ட காலோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வெறும் காலுக்குச் சரியாக இருப்பது சாக்ஸோடு இறுக்கும், இறுக்கினால் பழைய கதைதான். ஒரு அளவு பெரியதாக, முன்பக்கம் மூடி, அடியில் விரல் தடிமனுக்கு ரப்பரும் உள்ளே துணியுமாக ஒன்று கிடைத்தது. கரும்பச்சை நிறம். தவளை மாதிரி இருந்தது. கடைக்குள்ளேயே நின்று விரல்களை ஆட்டினேன். ஆடின. அந்தச் சந்தோஷத்தை நான் என் கல்யாணப் புடவை வாங்கியபோதுகூட அடையவில்லை. இதை அழகுபாண்டியிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை துணிப்பையில் சாக்ஸும் செருப்பும், கூடவே ஒரு துண்டும். வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றினேன். காலைத் துடைத்தேன். சாக்ஸைப் போட்டேன். தெருவையே பார்க்காத புத்தம்புதுத் தவளை இரண்டையும் பையிலிருந்து எடுத்து உள்பக்கத்தில் வைத்தேன். எதிரே விளக்கேற்றிவிட்டுத் திரும்பிய சாரதாம்பாள் அம்மா நின்றார்.

"மீனா, இது என்ன?"

"அம்மா, இது வெளியில போடுறது இல்ல. ஆபீசுக்குள்ள மட்டும் போட வாங்குனது. புதுசு. தரை ஜில்லுனு இருக்கும்மா, டாக்டர் போடச் சொன்னாங்க."

"அதுக்கு அடி இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப செருப்புதான்."

"தெருவுல நடக்காத செருப்பும்மா."

"நடக்காட்டி? செருப்புக் கடையில இருக்கிறதும் தெருவுல நடக்காததுதான். அதுக்காகச் சாமி படத்துக்கு முன்னால அடுக்கி வப்போமா?"

சிவபாண்டி தன் மேசையிலிருந்து, "யக்கா, அதுக்கு மேலயும் ஒரு சாக்ஸ் போட்டுட்டா சாக்ஸாயிரும்ல?" என்று உதவி செய்தான். பேச்சுச் சத்தம் கேட்டு ஹரிராம் சார் அறையிலிருந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வெறும் காலோடு நடு ஹாலில், ஏ.சி.க்கு நேர் கீழே வந்து நின்றார்.

"தரை ஜில்லுனு இருக்குன்னு சொல்றியே மீனா, எங்க இருக்கு? நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வெறுங்காலோடதான் நடக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே. எனக்கு உன்னைவிட இருபத்தஞ்சு வயசு கூட."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரியவில்லை என்றுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கேலி செய்தால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

தவளைகளை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டேன். மார்பிள் மேல் சாக்ஸோடு போய் உட்கார்ந்தேன். சாக்ஸ் மட்டும் இருந்ததற்கே வித்தியாசம் தெரிந்தது, மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் கீழேயிருந்து குளிர் துணியைத் தாண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. சாப்பாடு முடிந்து வந்தபோது விரல்கள் வெளுத்துவிட்டன என்று பார்க்காமலே தெரிந்தது. போதும் என்று நினைத்தேன். நாற்காலி என்ன பெரிய நாற்காலி. சிவபாண்டி உட்காரட்டும். என் ஜன்னல் ஓரமே எனக்குப் போதும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் தெரியவில்லை. மேசையில் இருந்த என் பேனா, டப்பா, கால்குலேட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

கால் வெளுத்தவள் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் நடப்பாள். பழைய மேசைக்குப் போகும் வழியில் மார்பிளில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. குங்குமம் என்று நினைத்தேன். ஒரு எட்டு தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவை ஃபைல் அலமாரியிலிருந்து கிளம்பி, ஹால் நடுவே வந்து, திரும்பி, ஹரிராம் சாரின் அறைக்குள் போயின. கையில் இருந்ததை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு வந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ரத்தம்.

கதவைத் திறந்தேன். அவர் போனில் யாரிடமோ ரிட்டர்ன் விஷயமாகப் பேசிக்கொண்டு அறைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். அவர் வலது காலை வைத்த இடமெல்லாம் ஒரு பொட்டு.

"சார், உங்க காலு."

போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன காலு?" என்றார்.

"ரத்தம் வருது சார்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு யாருடையது என்று கேட்பதுபோல என் காலைப் பார்த்தார். நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்படுவதற்குள் காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, பெரிய ஸ்டேப்லர் பின் ஒன்று, கட்டு ஃபைல்களுக்கு அடிக்கிற சைஸ், முழுசாக இறங்கியிருந்தது.

"சார், வலிக்கலையா?"

அவர் தன் பாதத்தை, அடுத்த வீட்டுக்காரருடைய பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லையே" என்றார். மறுபடியும், மெதுவாக, "இல்லையேம்மா" என்றார்.

காலையிலிருந்து அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் முழுவதும் அந்த நிமிஷம் பயமாக மாறிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. வீம்புக்கும் சொல்லவில்லை. அந்தத் தரை எனக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு அவருக்குத் தெரியவே இல்லை.

சிவபாண்டி அவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் இரண்டு தெரு தள்ளிப் போனான். வழியெல்லாம் ஒரு கேலிப் பேச்சுகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. சாரதாம்பாள் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்து சேர்ந்தார். டாக்டர் பவதாரிணி பின்னை எடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார்.

"சுகர் இருக்கா சார்?"

"இருக்கு. பத்துப் பன்னெண்டு வருஷமா. மாத்திரை ஒழுங்காப் போடுறேன்" என்றார் ஹரிராம் சார். சாரதாம்பாள் அம்மா அவர் பக்கம் பார்த்த பார்வையில் மேசை டிராயரில் இருக்கும் அல்வாப் பொட்டலமும் அடக்கம்.

"கால யாராவது பாத்திருக்காங்களா?"

"காலை எதுக்கு?"

டாக்டர் நைலான் இழை மாதிரி ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கோங்க சார். நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

ஹரிராம் சார் பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டர் கட்டைவிரலில் இழையை வைத்து அது வளையும்வரை அழுத்தினார். அடுத்து விரலடியில். அடுத்து இன்னொரு இடத்தில். பிறகு இடது காலில்.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்: "எப்ப தொடுவீங்க டாக்டர்?"

சாரதாம்பாள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சர்க்கரையால் கால் நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். தொடுவது தெரியாது, சூடும் குளிரும் தெரியாது, ஆனால் அதே நரம்பு சும்மா இருக்கும்போது எரிகிற மாதிரி சேதி அனுப்பும். அதனால்தான் அவருக்குப் பதினெட்டு டிகிரியும் மார்பிளும் இதமாக இருந்திருக்கின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரப் புது மாத்திரைகள் எழுதினார். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும்படி.

"முக்கியமா, வெறுங்காலோட ஒரு அடிகூட நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு, சுகர்காரங்களுக்குன்னு மெத்துன்னு ரப்பர்ல வர்றது, பின்னால வார் வச்சது. தெருவுல மட்டுமில்ல, வீட்டுக்குள்ளயும். ஆபீசுக்குள்ளயும்."

நான் சாரதாம்பாள் அம்மாவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பூஜை ரூமுக்குள்ள?" என்றார் அவர் கடைசியில்.

"அங்க மட்டும் சுத்தமான சாக்ஸோட, விரிப்புப் போட்டு நிக்கட்டும்மா. மத்த இடமெல்லாம் செருப்பு."

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு. புதன்கிழமை நான் ஆபீசுக்குப் போனபோது வாசலின் உள்பக்கம் ஒரு மர ஸ்டாண்டு இருந்தது. மேல் தட்டில் ஹரிராம் சாரின் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு. அதற்குப் பக்கத்தில் என் தவளைகள். திங்கட்கிழமை அவசரத்தில் நான் விட்டுப்போன துணிப்பையிலிருந்து யாரோ எடுத்து, ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடக் கிழித்து, முன்பக்கம் எனக்கு வசதியாகத் திருப்பி வைத்திருந்தார்கள். சாரதாம்பாள் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "துடைச்சுட்டுப் போட்டுக்கோ" என்றார். மகாலட்சுமி படம் சார் அறைக்குள், உயரமாக ஒரு தட்டில், ஏறியிருந்தது. அதற்கு நேர் கீழே, விரிப்புப் போட்ட இடத்தில் மட்டும் பழைய சட்டம்.

என் பேனாவும் டப்பாவும் இன்னும் ஜன்னலோர மேசையிலேயே கிடந்தன. திங்கட்கிழமை நான்தான் கொண்டுபோய் வைத்தது. எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். சிவபாண்டி எழுந்து வந்து என் பொருள்களை அள்ளி நடு மேசையில் கொண்டுபோய் வைத்தான். அடியில் காலுக்கு ஒரு பலகையும் தள்ளினான்.

"உக்காருக்கா. எனக்கு அங்க வேர்க்குது."

உட்கார்ந்தேன். காலைப் பலகையில் வைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தவளைகளுக்குள் விரல்கள் பத்தும் அசைந்தன.

ஹரிராம் சார் வெளியிலிருந்து வந்து, ஸ்டாண்டிலிருந்த புதுச் செருப்புக்கு மாறிக்கொண்டார். பழக்கமில்லாததால் ஒவ்வொரு அடியையும் தண்ணீரில் வைப்பதுபோல வைத்தார். ஹால் நடுவில் நின்றார். ஏ.சி. ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. அதை என் மேசையில் வைத்தார்.

"இனிமே நீயே வச்சுக்க மீனா. எனக்கு எரியுறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க, அது பாத்துக்கும்" என்றார். பிறகு, சுற்றிலும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி குனிந்து கேட்டார். "தரை இப்ப எப்படிம்மா இருக்கு?"

ஒரு காலைத் தவளையிலிருந்து எடுத்தேன். சாக்ஸை இறக்கி வெறும் பாதத்தை மார்பிளில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஜில்லுனு இருக்கு சார்" என்றேன்.

"சரி" என்று தலையாட்டினார். "நாளைக்கும் சொல்லு."